பீரோவில் எது இருக்கலாம், எது போகலாம்: துணியைச் சோதித்துப் பிரிக்கும் முறை

பீரோ நிரம்பி வழிவதற்குக் காரணம் துணி அதிகமாக இருப்பது மட்டுமல்ல. கட்ட முடியாத சேலையும், கை தூக்க முடியாத பிளவுஸும், பட்டன் போன சட்டையும் நல்ல துணிகளோடு ஒரே அடுக்கில் கிடப்பதுதான் பெரிய காரணம். மேலே இருக்கும் நாலு துணியையே மாற்றி மாற்றி உடுத்துவோம். அடியில் இருப்பது தீபாவளிக்குத் தீபாவளி வெளியே வந்து, தட்டி மடித்து, மறுபடி அடிக்கே போகும். இதைப் பிரிக்க உட்காரும்போது பெரும்பாலானவர்கள் விலையையும் நினைவையும் வைத்து முடிவெடுக்கிறார்கள். "எட்டாயிரம் கொடுத்து வாங்கினது", "இளைச்சா போட்டுக்கலாம்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். அதனால் துணி ஒவ்வொன்றையும் கையில் எடுத்துச் சோதித்துவிட்டு, அது காட்டுகிற முடிவை ஏற்றுக்கொள்வது நல்லது. சோதனைகள் எளியவை. ஜன்னல் வெளிச்சம், இரண்டு கட்டை விரல், ஒரு ஆளுயரக் கண்ணாடி, கொஞ்சம் வண்ண நூல் போதும்.

தொடங்கும் முன்

முழு பீரோவையும் ஒரே நாளில் கட்டிலில் கொட்டாதீர்கள். பாதி வேலையில் சாயங்காலம் ஆகிவிடும், படுக்க இடம் வேண்டும், எல்லாம் அள்ளி உள்ளே திணிக்கப்படும். ஒரு தட்டு, ஒரு காலைப்பொழுது என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சம் முக்கியம். டியூப்லைட்டில் பழுப்புக் கறையும் தெரியாது, சாயம் வெளுத்ததும் தெரியாது. மழைக்காலத்தைத் தவிருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெளியே எடுத்த பட்டு காற்றின் ஈரத்தோடு உள்ளே போனால் பூசணம் பிடிக்கும். தை, மாசி வெயில் இதற்கு ஏற்றது.

தரையில் பழைய போர்வையை விரித்து நாலு மூலைக்கு நாலு சீட்டு வையுங்கள். வைத்துக்கொள்ள, சரிசெய்ய, தானம் கொடுக்க, தெரிந்தவருக்கு. கடைசி இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். தானமாகப் போகும் துணி, முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போகிறது. கொக்கி எங்கே, ஜிப் ஏன் பாதியில் நிற்கிறது என்று அவர் யாரையும் கேட்க முடியாது. அதனால் அது அப்படியே எடுத்து உடுத்தும்படி இருக்க வேண்டும். தங்கை மகளுக்கோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ கொடுப்பதில் ஒரு சின்னக் குறை இருக்கலாம், ஏனென்றால் "இடுப்பில் ஒரு தையல் போட்டுக்கோ" என்று நேரில் சொல்லிவிடலாம். ஓரமாக ஒரு வாளியும் இருக்கட்டும். இந்த நாலிலும் சேராதது கரித்துணியாக அதில் போகும்.

கூறைப்புடவை, குழந்தையின் முதல் சட்டை, அப்பாவின் வேட்டி போன்றவற்றைச் சோதனைக்கு உட்படுத்த வேண்டாம். அவை உடுத்துவதற்காக இருப்பவை அல்ல. லாக்கருக்குக் கீழுள்ள ஒரு தட்டு அல்லது ஒரு டிரங்குப் பெட்டி என்று இடத்தை மட்டும் வரையறுத்துவிடுங்கள். அதற்குள் அடங்காமல் போனால் மட்டும் யோசிக்க வேண்டும்.

முதல் சோதனை: வெளிச்சத்தில் பிடிப்பது

துணியை ஒற்றை மடிப்பாக ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள். நல்ல துணியில் வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக வடியும். நைந்த இடத்தில் திட்டுத்திட்டாகவோ கோடாகவோ கூடுதலாகத் தெரியும். துணி முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, தேயும் இடங்கள் தெரிந்தவைதான். சேலையில் மடிப்புக் கோடுகள், தோளில் பின் குத்தும் இடம், குதிகாலில் உரசும் கீழ் ஓரம். சட்டையில் காலர் மடியும் விளிம்பு, முழங்கை. பேன்ட்டில் உட்காரும் பகுதியும் தொடை இடுக்கும். சுடிதாரிலும் பிளவுஸிலும் அக்குள்.

அக்குளை வெளிச்சத்தோடு கையாலும் பாருங்கள். வியர்வை உப்பு ஏறி ஏறி அந்த இடம் அட்டைபோல விறைத்திருந்தால் துணியின் பலம் போய்விட்டது என்று அர்த்தம். துவைத்தால் கறை குறையலாம், பலம் திரும்பாது. இப்படிப்பட்ட பிளவுஸைத் தானத்தில் வைக்காதீர்கள், மூன்றாம் முறை உடுத்தும்போது கிழியும்.

இரண்டாம் சோதனை: விரலால் இழுப்பது

வெளிச்சத்தில் சந்தேகம் வந்த இடத்தின் இருபுறமும் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் வைத்து, இடையே இரண்டு அங்குலம் விட்டு, மெதுவாக இழுங்கள். நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை. பழைய பட்டில் இதை இடுப்பில் செருகும் உள்முனையில் முதலில் செய்துபாருங்கள். கிழிந்தாலும் வெளியே தெரியாது. உயிருள்ள துணி இழுபட்டு மறுபடி தன்னிலைக்கு வரும். செத்த பட்டு மெல்லிய சத்தத்தோடு பிளந்துகொள்ளும்.

தையலுக்கும் இதே சோதனை உண்டு. தையலின் இருபுறமும் பிடித்து விலக்கிப் பாருங்கள். தையல் நூல் மட்டும் விட்டிருந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் தையல் அப்படியே இருக்க, அதை ஒட்டிய துணியின் இழைகள் ஏணிப்படிபோல விலகித் தெரிந்தால் துணி நழுவுகிறது. மெல்லிய பட்டிலும் வழவழப்பான சிந்தெட்டிக்கிலும் முதுகுப்பக்கம் இது அதிகம். இறுக்கமாக உடுத்தியதால் வந்தது. அதே இடத்தில் மறுபடி தைத்தால் மறுபடி நழுவும். உள்ளே துணி வைத்து அகலப்படுத்த இடமிருந்தால் மட்டுமே சரிசெய்வதில் வையுங்கள்.

இந்த இரண்டு சோதனைகளும் சேர்ந்து எப்படி முடிவெடுக்க வைக்கும் என்பதற்கு ஒரு பழைய அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டை எடுத்துக்கொள்வோம். பல வருடமாக ஒரே மடிப்பில் இருந்தது. விரித்து வெளிச்சத்தில் பிடித்தால், உடல் பகுதியில் ஒரு மடிப்புக் கோட்டில் மூன்று அங்குலத்துக்குப் பிளவு. பட்டு மடிப்பில் ஏன் பிளக்கிறது என்றால், அதே இழைகள் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் மடங்கியே இருக்கின்றன, மேலே இஸ்திரியும் அந்த மடிப்பையே அழுத்துகிறது. குறுக்கே சரிகைப் புட்டா இருந்தால் அதன் உலோகம் பக்கத்துப் பட்டிழையை அறுக்கவும் செய்யும்.

இனி பார்க்க வேண்டியது பிளவை அல்ல, அதைச் சுற்றியுள்ள துணியை. பிளவிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி விரலால் இழுத்துப் பாருங்கள். அங்கே உறுதியாக இருந்தால், மற்ற மடிப்புக் கோடுகளிலும் வெளிச்சம் சீராக இருந்தால், சேலை சரிசெய்யும் குவியலுக்குப் போகும். புடவை பாலிஷ், ரோலிங் செய்யும் கடைகளில் டார்னிங்கும் செய்வார்கள். நிறம் பொருந்தும் பட்டிழையால் நெய்ததுபோலக் கோத்துத் தருவார்கள். கொசுவத்துக்குள் மறையும் இடமா, முன்பக்கம் விழும் இடமா என்று ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். கொசுவத்தில் மறைவதற்குச் சாதாரணக் கைவேலையே போதும், நுணுக்க வேலைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இழுத்ததும் பக்கத்திலும் பிளந்தால், அல்லது மற்ற மடிப்புகளிலும் மயிரிழைக் கோடுகள் தெரிந்தால், டார்னிங் வீண். புது இழை பிடித்து நிற்கப் பக்கத்தில் பலமான துணி வேண்டும். இல்லையென்றால் புது இழையே பழையதை அறுத்து ஓட்டையைப் பெரிதாக்கும். பாலிஷுக்கும் கொடுக்காதீர்கள், உருளையின் இழுப்பில் இன்னும் கிழிந்து வரும். சேலையாக அதன் ஆயுள் முடிந்தது. ஆனால் முந்தானையும் கரையும் பெரும்பாலும் உடலைவிட நன்றாக இருக்கும், அவற்றைத் தனியாகச் சோதியுங்கள். உடல் மடிப்புகளில் மட்டும் போய், இடைப்பட்ட பகுதி உறுதியாக இருந்தால் சின்னப் பெண்ணுக்குப் பாவாடை சட்டை தைக்கலாம். நைந்த கோடுகளைத் தவிர்த்து வெட்டும்படி தையற்காரரிடம் சாக்பீஸால் குறித்துக் கொடுங்கள். லைனிங் கட்டாயம்.

"பழைய பட்டுக்குக் காசு" என்று வருபவரிடம் கொடுக்கும் எண்ணம் இருந்தால், உள்முனைச் சரிகை இழை ஒன்றை உருவி நகத்தால் சுரண்டுங்கள். அசல் காஞ்சிபுரம் சரிகையில் வெள்ளி சுற்றிய உள்நூல் சிவப்புப் பட்டாக இருக்கும். வெள்ளை நூலோ வேறு நிறமோ வந்தால் அது சாதாரணச் சரிகையாக இருக்கவே வாய்ப்பு. பார்க்காமல் பேரம் பேசாதீர்கள்.

மூன்றாம் சோதனை: உடுத்திப் பார்ப்பது

கண்ணாடி முன் நேராக நின்று பார்ப்பது சோதனையே இல்லை. நேராக நின்றால் எல்லாமே பொருந்தும். உடுத்திக்கொண்டு, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் தூக்குங்கள். பின்னால் கை கொண்டுபோய்க் கொண்டை போடுங்கள். பந்தியில் உட்காருவதுபோலச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்னால் குனிந்து இலையைத் தொடுங்கள். மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள். பிறகு பத்து நிமிடம் போட்டுக்கொண்டே வேறு வேலை பாருங்கள். கழற்றும்போது கையிலும் மார்பிலும் அழுத்தக் கோடு பதிந்திருந்தால் அந்தத் துணி உங்களுக்குச் சேரவில்லை. இப்போதைய உடம்புக்குத்தான் சோதனை, இளைத்த பிறகு வரப்போகும் உடம்புக்கு அல்ல.

தமிழ் வீடுகளில் பீரோவை அடைப்பதில் பிளவுஸுக்குத்தான் முதலிடம். சேலை யாருக்கும் பொருந்தும், பிளவுஸ் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கொக்கிப் பட்டி வாய் பிளக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளவுஸை உள்பக்கம் திருப்பி, பக்கவாட்டில் எத்தனை வரிசைத் தையல் இருக்கிறது, வெளி வரிசைக்கு அப்பால் எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்று பாருங்கள். கவனமாகத் தைப்பவர்கள் இரண்டு மூன்று வரிசை போட்டிருப்பார்கள். வரிசைகளுக்கு இடையே கால் அங்குலம் என்றால், இரு பக்கமும் உள்வரிசை ஒன்றைப் பிரித்தால் எவ்வளவு கிடைக்கும்? ஒவ்வொரு பக்கத்திலும் முன்துணி, பின்துணி என்று இரண்டு. ஆக நாலு கால் அங்குலம், மொத்தம் ஒரு அங்குலம். மார்பளவு 36-க்குத் தைத்தது, இப்போது 38 வேண்டும் என்றால் இரு பக்கமும் இரண்டு வரிசை பிரிக்க வேண்டும், மூன்றாவது வரிசை இருக்க வேண்டும், அல்லது அந்த இடத்தில் புதிதாக அடிக்கத் துணி மிச்சமிருக்க வேண்டும். இல்லையென்றால் கணக்கு முடிந்தது.

துணி இருந்தாலும் இரண்டு விஷயம் தடுக்கும். ஒன்று, பட்டிலும் டிஷ்யூவிலும் பிரித்த தையலின் ஊசி ஓட்டைகள் அப்படியே தெரியும், மடங்கியிருந்த பகுதி வெளுக்காமல் கறுத்துக் கோடு காட்டும். கை அடிப்பக்கம் மறைவதால் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொன்று முக்கியமானது. கை தூக்கும்போது இறுக்குவது பக்கவாட்டா, அக்குள் வளைவா என்று பாருங்கள். அக்குள் வளைவிலோ முன்தோளிலோ பிடித்தால் பக்கத் தையலைப் பிரிப்பதால் பயனில்லை. அது வெட்டிய அளவு. அத்தகைய பிளவுஸ் உங்களைவிட மெலிந்த தெரிந்தவருக்குப் போகட்டும்.

துவைத்த பிறகு முதுகிலும் முன்பக்கமும் சுருங்கிச் சுருங்கி நிற்கும் பிளவுஸ் தனி ரகம். உள்ளே வைத்த காட்டன் லைனிங்கை நனைத்துக் காயவைக்காமல் தைத்ததால் அது மட்டும் சுருங்கி, மேல்துணியை இழுத்துப் பிடித்திருக்கிறது. இஸ்திரி போட்டால் கொஞ்ச நேரத்துக்குத் தட்டையாகும், அவ்வளவுதான். முழுக்கப் பிரித்து லைனிங் மாற்றுவதற்கான கூலி புது பிளவுஸ் தைக்கும் கூலிக்குப் பக்கத்தில் வரும். அதோடு சேரும் சேலை மிகவும் பிடித்ததாக இருந்தால் தவிரச் செய்ய வேண்டாம்.

ஆண்கள் துணியில் வேலை சீக்கிரம் முடியும். காலர் விளிம்பு நைந்த நல்ல சட்டைக்குக் காலரைப் பிரித்துத் திருப்பித் தைக்கலாம். ஒருமுறைதான் முடியும்; காலர் முனையில் பட்டன் வைத்த சட்டைக்குப் பொருந்தாது. ஜீன்ஸில் தொடை இடுக்கு நைந்து வெள்ளையாகத் தெரிந்தால், ஓட்டை விழும் முன்பே உள்பக்கம் துணி வைத்து அடிக்கக் கொடுங்கள். ஓட்டை விழுந்த பிறகு ஒட்டுப் போட்டால் நடக்கும்போது உறுத்தும். ஜிப் வாய் பிளந்தால் முழு ஜிப்பையும் மாற்றச் சொல்லாமல், முதலில் ரன்னரை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பல் உடையாதவரை அது போதும்.

சரிசெய்யும் குவியலுக்கு ஒரு கட்டுப்பாடு

வீட்டில் அதிகம் பொய் சொல்லும் குவியல் இதுதான். "அப்புறம் தைச்சுக்கலாம்" என்று சேர்வது, பையோடு பீரோ மேலே ஏறி உட்காரும். ஒவ்வொரு துணியிலும் ஒரு சீட்டைப் பின் குத்தி மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன வேலை, யார் செய்வது, எவ்வளவு ஆகும். கடைசியது தெரியவில்லை என்றால் தையற்கடையில் கேட்டு எழுதுங்கள். அந்தத் தொகையைக் கொடுத்து இதே நிலையில் இந்தத் துணியைக் கடையில் வாங்குவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தயக்கம் வந்தால் குவியல் மாற்றுங்கள். மிஞ்சியவை ஒரு வாரத்துக்குள் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய மாதத்தில் ஆல்டரேஷன் வேலையைத் தையற்காரர்கள் ஒதுக்கிவைப்பார்கள், அதையும் கணக்கில் எடுங்கள்.

கொக்கி, பட்டன், பாவாடை நாடா, ஓரம் பிரிந்த ஃபால்ஸ் போன்றவற்றைக் குவியலில் சேர்க்கவே வேண்டாம். பிரிக்கும்போதே ஊசி நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காபி இடைவேளையில் முடித்துவிடலாம்.

தானத்துக்குப் போவது

2004 சுனாமிக்குப் பிறகு கடலோர ஊர்களுக்கு வந்து இறங்கிய பழந்துணி மூட்டைகளில் பெரும்பகுதி சாலையோரங்களில் குவிந்து கிடந்தது. கிழிந்ததும், அழுக்கும், அங்கே யாரும் உடுத்தாததும் கலந்திருந்தால் பிரித்துப் பார்க்கக்கூட யாருக்கும் மனம் வராது. நேரே ஒருவர் கையில் நீட்டிக் கொடுக்கக் கூசும் துணியைத் தானத்தில் வைக்காதீர்கள். முதல் இரண்டு சோதனையிலும் தேறி, உங்களுக்கு அளவோ விருப்பமோ பொருந்தாததுதான் இதற்கு உரியது. உள்ளாடை வேண்டாம். பள்ளிச் சின்னம் வைத்த யூனிஃபார்ம் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு மட்டுமே உதவும். அது தெரிந்தவர் குவியல்.

கொடுப்பதற்கு முன் துவைத்து நல்ல வெயிலில் முழுக்கக் காயவையுங்கள். சற்றே ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டினால் இரண்டே நாளில் முடைநாற்றம் வரும். பையில் சில்லறை, சேலையில் பின் இருக்கிறதா பாருங்கள். சுடிதார் என்றால் டாப், பேன்ட், துப்பட்டா மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டுங்கள். சேலையோடு அதன் பாவாடையையும் வையுங்கள். "பெண் குழந்தை, எட்டு வயது" என்று ஒரு சீட்டு இருந்தால் வாங்குபவர் அலைய வேண்டியதில்லை. கொண்டுபோகும் முன் எந்த வகைத் துணி தேவை என்று இல்லத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முதியோர் இல்லத்துக்குக் காட்டன் நைட்டியும் லுங்கியும்தான் உதவும், கல்லு வைத்த சேலை உதவாது.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் கொடுப்பதானால் பையில் போட்டு நீட்டாமல், விரித்துக் காட்டி வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மிச்சத்தை அவர் தலையில் கட்ட வேண்டாம்.

வாளியில் சேர்ந்ததில் காட்டன் எது என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனையும் மெல்லிய சாம்பலும் வந்தால் காட்டன், துடைக்க ஆகும். உருகிக் கெட்டி மணியாக நின்றால் பாலியெஸ்டர்; தண்ணீரை உறிஞ்சாது, சூடான பாத்திரம் பிடிக்கவும் ஆகாது. முடி கருகும் வாசனை வந்தால் பட்டு.

நாலாம் சோதனை: நூல் கட்டி வைப்பது

துணியும் நல்லது, உடம்புக்கும் பொருந்துகிறது, ஆனாலும் உடுத்துவதில்லை என்று சில இருக்கும். இவற்றைப் பிரிக்கும் நாளிலேயே வெளியேற்ற வேண்டாம். வைத்துக்கொள்ளும் குவியலில் சந்தேகம் உள்ள ஒவ்வொன்றின் ஓரத்திலும் வண்ண நூலைத் தளர்வாகக் கட்டி உள்ளே வையுங்கள். தட்டின் உள்பக்கம் மாதத்தைக் குறித்து ஒரு சீட்டு ஒட்டுங்கள். உடுத்தினால் நூலை எடுத்துவிடலாம். தினசரித் துணிக்கு மூன்று மாதம், பட்டுக்கும் கல்யாணத் துணிக்கும் ஒரு வருடம் கெடு. ஆடி, மார்கழியில் விசேஷங்கள் குறைவு என்பதால் அதற்குக் குறைத்துச் சோதிக்க முடியாது.

இதிலும் ஏமாற்ற இடமுண்டு. நூலை எடுப்பதற்காகவே ஒருநாள் கடைக்குப் போகும்போது போட்டுக்கொண்டு போய்வருவார்கள். அதனால் முதல் தடவையைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டாம் தடவை தானாகக் கை அதை எடுத்தால் நூலை அவிழுங்கள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மாற்றிவிட்டீர்கள் என்றால், ஏன் என்று அந்தச் சீட்டிலேயே எழுதுங்கள். "கழுத்து அரிக்குது", "வழுக்குது" என்று காரணம் கிடைத்துவிட்டால் அடுத்த முறை கடையில் அதே ரகத்தை வாங்க மாட்டீர்கள்.

உள்ளே திரும்ப அடுக்கும்போது இரும்புத் தட்டில் பழைய வேட்டியை விரித்துவிட்டு வையுங்கள், துருக் கறை பட்டால் சுலபத்தில் போகாது. கனத்த சரிகைச் சேலையைக் கம்பி ஹேங்கரில் தொங்கவிட்டால் அதன் பாரமே மடிப்பை அறுக்கும்; வெள்ளைக் காட்டனில் சுற்றிப் படுக்கையாக வையுங்கள். பாச்சை உருண்டையைச் சரிகைமேல் படாமல் துணியில் முடிந்து மூலையில் போடுங்கள். இதுவரை உள்ளே இருந்த மடிப்பு இனி வெளியே வரும்படி சேலையைத் திருப்பி மடியுங்கள், முடிந்தால் மூன்றாக மடித்துவந்ததை நாலாக மாற்றுங்கள். அரக்குப் பட்டில் பார்த்த பிளவு நல்ல சேலைகளில் வராமலிருக்க, வருடத்துக்கு இரண்டு முறை இப்படி மடிப்பு மாற்றினால் போதும்.